இரவுப் பணி வாரமும் எட்டு மாதக் குழந்தையின் தூக்கமும்: எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது?

ஆனையூர்க்காரி | 11.06.2024, மாலை 4.10

மதுரையில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்கு எட்டு மாதம். அவள் அப்பா எங்களோடு இல்லை. வீட்டில் நான், அம்மா, குழந்தை மூன்று பேர்தான். டூட்டி மூன்று வகை. ஒரு வாரம் காலை 7.30 முதல் 2 வரை, அடுத்த வாரம் மதியம் 2 முதல் 8 வரை, அதற்கடுத்து ஒரு வாரம் இரவு 8 முதல் காலை 7.30 வரை. நைட் வாரம் முடிந்ததும் ஒரு நாள் ஆஃப்.

மே மாதம் முழுக்க அம்மா வீட்டில் இருந்ததால் சமாளித்தேன். அம்மா சத்துணவு மையத்தில் உதவியாளர். நேற்று பள்ளி திறந்துவிட்டது. காலை 8.30-க்குக் கிளம்பினால் மதியம் 2.45-க்குத்தான் வருவார். நான் நைட் முடித்து வீட்டுக்கு வர 8.15 ஆகும். அதாவது, இரவெல்லாம் விழித்தவள் ஆறு மணி நேரத்துக்கு மேல் தவழும் குழந்தையோடு தனியாக இருக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: குழந்தையின் தூக்கத்தையும் என் டூட்டிக்கு ஏற்ப வாரா வாரம் மாற்றிப் பழக்கலாமா? நான் தூங்கும்போது அவளும் தூங்குவது போல?

வில்லாபுரம் அக்கா | 11.06.2024, இரவு 9.35

கண்டிப்பாக முடியும். நான் பின்னலாடைக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தே என் பையனை வளர்த்தேன். ஜன்னலுக்குப் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டிவிடுவேன். அறை இருட்டு, ஃபேன் சத்தம் மட்டும். காலை 8 மணிக்குப் படுத்தால் இரண்டு பேரும் மதியம் ஒரு மணி வரை அசைய மாட்டோம். பிள்ளைக்கு என்ன தெரியும் பகலா இரவா என்று? இருட்டாக இருந்தால் இரவு. இரண்டு மூன்று நாள் அழும், அப்புறம் பழகிவிடும்.

பூமார்க்கெட் அண்ணன் | 12.06.2024, காலை 11.20

குழந்தை ராத்திரி தூங்கவில்லை என்று கேட்கிறாய் என்று நினைக்கிறேன், தங்கச்சி. எனக்கும் அதே பாடுதான். மனைவி தவறியபின் இரண்டு பிள்ளைகளையும் நானே பார்த்தேன். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம், நடுராத்திரி 2 மணிக்கு எழ வேண்டும். அதனால் சாயங்காலம் 7 மணிக்கே வீட்டில் விளக்கை அணைத்துவிடுவோம். பெரிய மனிதர், சின்னப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே நேரம். ராத்திரி வயிறு நிறைய கேழ்வரகுக் கூழ் கொடுத்துப் பார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பயணம் போகும்போது சளி மருந்து ஒரு மூடி கொடுப்பார்கள், பிள்ளை அடித்துப் போட்டது போல் தூங்கும். நான் கொடுத்ததில்லை, சும்மா சொன்னேன்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 12.06.2024, மதியம் 2.50

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். சளி மருந்துப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தூங்க வைப்பதற்காக அதைக் கொடுக்கவே கூடாது. சின்னக் குழந்தைக்கு மூச்சு மட்டுப்படும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று லேபிளிலேயே போடும்படி 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டில் உத்தரவு வந்தது. தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இதைப் படிக்கிற யாராவது செய்துவிடக் கூடாது.

தாயி, உன் கேள்விக்கு என் பதில்: குழந்தையின் நேரத்தை மாற்றாதே. பிறந்த புதிதில் குழந்தைக்குப் பகல் இரவு கிடையாது. இரண்டு மூன்று மாதத்தில் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அதைத் தினமும் சரிசெய்வது காலை வெளிச்சம். எட்டு மாதத்தில் அது நன்றாகப் பிடிபட்டிருக்கும். அதை நீ வாரா வாரம் திருப்பினால், ஓடி வந்து ஒட்டிக்கொள்வதற்குள் அடுத்த டூட்டி வந்துவிடும். பெரியவர்களுக்கே நாளுக்கு ஒரு மணி நேரம் நகர்வது பெரிய விஷயம். ஒரு வாரத்தில் பத்து மணி நேரம் எப்படி நகரும்?

வில்லாபுரம் தங்கச்சி சொன்னதில் பாதி சரி. இருட்டு அறை உனக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் குழந்தையைக் காலை நேரம் முழுக்க இருட்டில் வைக்கக்கூடாது. அவளுக்கு அந்த வெளிச்சம்தான் மருந்து. அந்தத் தங்கச்சி வருஷக்கணக்கில் ஒரே நைட் ஷிஃப்ட் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. அது வேறு கதை, இது மாறி மாறி வரும் டூட்டி.

ஒன்று செய். மூன்று வகை டூட்டிக்கும் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தாள், எப்போது படுத்தாள், பகலில் எப்போதெல்லாம் தூங்கினாள் என்று தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் போடு. அதைப் பார்க்காமல் நான் மேலே எதுவும் சொல்ல மாட்டேன்.

வில்லாபுரம் அக்கா | 12.06.2024, இரவு 10.05

ஆமாம், எனக்கு நாலு வருஷமும் நைட் மட்டும்தான். அதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆனாலும் என் பையன் காலை 8-லிருந்து 1 வரை தூங்கினானே, அது எப்படி?

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 13.06.2024, காலை 10.30

ராத்திரி எத்தனை மணி வரை விழித்திருந்தான் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

வில்லாபுரம் அக்கா | 13.06.2024, இரவு 9.50

கேட்டேன். ஒரு மணி வரை ஆட்டம் போடுவானாம். அம்மாதான் அந்த நாலு வருஷமும் தூங்கவில்லை என்று இப்போது சொல்கிறார்.

ஆனையூர்க்காரி | 30.06.2024, காலை 10.15

எழுதி வைத்தேன். மூன்று டூட்டியும் வந்துவிட்டது. சுருக்கமாகப் போடுகிறேன்.

காலை டூட்டி வாரம்: நான் கிளம்பும் அரவத்தில் 6.15-க்கு எழுந்துவிடுவாள். 9 மணி வாக்கில் ஒரு தூக்கம், மதியம் 1.30-க்கு ஒரு தூக்கம். பகலில் கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். இரவு 8.15-க்குப் படுத்தால் நடுவில் ஒரு தடவை பால் குடிக்க எழுவாள், அவ்வளவுதான். எந்தத் தொந்தரவும் இல்லை.

மதிய டூட்டி வாரம்: நான் வீட்டுக்கு வர 8.45. என் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் முகம் மலர்ந்துவிடும், நானும் தூக்கிவிடுவேன். முதல் நாள் 9.45-க்குத் தூங்கினாள். வாரக் கடைசியில் அது 11 ஆகிவிட்டது. காலையில் எழுவது 8 மணி.

நைட் வாரம்: 8 மணிக்கு எழும் பழக்கத்தோடே இந்த வாரத்துக்குள் வந்தாள். நான் 8.15-க்கு வருகிறேன், அவள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். 11 மணி வரை கண்ணை மூடவில்லை. நானும் 11 மணி வரை உட்கார்ந்தே இருந்தேன். ஒரு நாள் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். அவள் மடியிலிருந்து நழுவிப் பாய்க்கு வந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 30.06.2024, மதியம் 3.40

நல்ல வேளையாகப் பாயாக இருந்தது. நாற்காலியிலோ சோபாவிலோ குழந்தையோடு கண் அயர்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. இடுக்கில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும். நைட் முடித்து வந்து பால் கொடுப்பதானால் உட்காராதே. தரையில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்துக் கொடு. தலையணை, போர்வை, சேலைத் தலைப்பு எதுவும் அவள் முகத்தருகே வேண்டாம். ஒருவேளை தூங்கிவிட்டாலும் அந்த இடம் மற்றதைவிடப் பரவாயில்லை. முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அசந்து போன உடம்பு பக்கத்தில் பிள்ளை இருப்பதை உணராது. அவள் தூங்கியதும் நீ கொஞ்சம் தள்ளிப் படு.

இப்போது உன் காலண்டருக்கு வருகிறேன். தப்பு நைட் வாரத்தில் நடக்கவில்லை, பார்த்தாயா? அதற்கு முந்தைய மதிய வாரத்தில்தான் அவள் நேரம் நழுவுகிறது. அதன் வலியை நைட் வாரத்தில் நீ அனுபவிக்கிறாய். இந்த வயதில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்குவார்கள். 6.15-க்கு எழுந்தால் 9 மணிக்குத் தானாகக் கண் சொருகும். நீ 8.15-க்கு வந்து, முகம் கழுவி, பால் கொடுத்தால் இரண்டு பேரும் ஒன்றாகப் படுக்கலாம். 8-க்கு எழுந்தால் 11 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே மூன்று வாரமும் அவள் எழும் நேரம் 6.15. அதுதான் ஆணி. படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதே, எழும் நேரத்தைப் பிடி. உங்கள் அம்மா எப்படியும் 5 மணிக்கு எழுவார். இப்போது 8 மணிக்கு எழுகிறவளை ஒரே நாளில் இழுக்காமல், இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால் மணி, இருபது நிமிடம் முன்னால் எழுப்புங்கள். எழுப்பியதும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்திருங்கள். இரவு தானாகவே முன்னால் வரும்.

மதிய டூட்டி வாரத்தில் நீ வருவதற்கு முன்பே, 8.15-க்கு, அம்மா அவளைப் படுக்க வைத்துவிட வேண்டும். இது உனக்குக் கஷ்டமாக இருக்கும், தாயி.

ஆனையூர்க்காரி | 30.06.2024, இரவு 11.30

கஷ்டம்தான் அக்கா. நாள் முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

வில்லாபுரம் அக்கா | 01.07.2024, இரவு 9.15

இதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தூங்க வேண்டுமா? 11-க்குத் தூங்கி 8-க்கு எழுந்தால் அதுவும் ஒன்பது மணி நேரம்தானே. பகல் தூக்கத்தைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 02.07.2024, காலை 11.00

கணக்கு சரிதான். நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் போதும். 11-இலிருந்து 8 என்பதில் குழந்தைக்குத் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. எல்லா வாரமும் அப்படியே இருந்தால் நானே விட்டுவிடு என்பேன். ஆனால் இவள் அம்மா காலை டூட்டி வாரத்தில் 6.45-க்குக் கிளம்ப வேண்டும், பாட்டி 8.30-க்குக் கிளம்ப வேண்டும். இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

முகம் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. மதிய டூட்டி வாரத்தில் காலை 6.15 முதல் பகல் 1 மணி வரை அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, விளையாடுவது எல்லாம் அதில். இரவு நீ சாப்பிட்டுவிட்டு 10 மணிக்கு விளக்குப் போடாமல் அவளைத் தூக்கிப் பால் கொடு. அரைத்தூக்கத்தில் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். பேசாதே, செல்போனைக் காட்டாதே. அதற்கப்புறம் நடுவில் எழுவது குறைந்தாலும் குறையும், எல்லாப் பிள்ளைக்கும் குறையாது.

இரவு வண்டி (உசிலம்பட்டி) | 03.07.2024, காலை 9.40

நான் சென்னை வண்டி ஓட்டுகிறவன். பிள்ளை வளர்ப்பு பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் சகோதரி ‘வண்டியை ஓட்டிக்கொண்டு’ என்று எழுதியதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. நைட் முடித்துக் காலை 7.30-க்கு ஸ்கூட்டியிலா வீட்டுக்கு வருகிறீர்கள்?

ஆனையூர்க்காரி | 03.07.2024, மாலை 5.20

ஆமாம் அண்ணா. அண்ணா நகர் பக்கமிருந்து கோரிப்பாளையம், செல்லூர் வழியாக. சில நாள் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டியது எனக்கு நினைவிலேயே இருக்காது.

இரவு வண்டி (உசிலம்பட்டி) | 04.07.2024, காலை 10.10

அதுதான் அறிகுறி, சகோதரி. கடந்து வந்த இடம் நினைவில் இல்லை என்றால் சில நொடி கண் திறந்தபடியே தூங்கியிருக்கலாம். எங்கள் லைனில் கொட்டாவியைவிட இதற்குத்தான் பயப்படுவோம். தேவையில்லாமல் பிரேக் போடுவது, ஒரே பக்கமாக ஒதுங்கிப் போவது, ஹெல்மெட் கனமாகத் தெரிவது எல்லாம் இதே வகை.

நைட் வாரத்தில் ஸ்கூட்டியை வீட்டிலேயே விடுங்கள். ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பாருங்கள். முடியாது என்றால் ஹேண்டோவர் கொடுத்ததும் டூட்டி ரூமில் அலாரம் வைத்து இருபது நிமிடம் படுத்து, எழுந்து, முகம் கழுவி, அப்புறம் வண்டியை எடுங்கள். எழுந்த உடனே எடுக்காதீர்கள், ஒரு கால் மணி மந்தமாக இருக்கும்.

டீ விஷயம்: 9 மணிக்குத் தூங்கப் போகிறவர் கடைசி டீயை 3 மணிக்கு முன்பு முடித்துவிட வேண்டும். பலரும் 5 மணிக்குத்தான் கண் சுழல்கிறது என்று அப்போது ஸ்ட்ராங்காக ஒன்று குடிப்பார்கள். அது வேலை செய்வது வீட்டில் பாயில் படுத்த பிறகு. 11 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று என்று முன்னாலேயே குடித்துவிடுவது நல்லது. விடியற்காலை 3-லிருந்து 5 வரை யாராக இருந்தாலும் உடம்பு இறங்கும். அந்த நேரத்தில் மருந்து அளவு பார்ப்பது போன்ற வேலையை இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள்.

ஆனையூர்க்காரி | 06.07.2024, இரவு 10.40

டூட்டி ரூமில் இருபது நிமிடம் படுக்க எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சம்மதித்துவிட்டார். அதனால் வீட்டுக்கு வர 8.15 என்பது 8.40 ஆகும். அம்மா 8.30-க்குப் போக வேண்டுமே. கீழ் வீட்டு அக்காவிடம் பேசினேன். அவர் நைட் வாரத்தில் காலையில் வந்து இருக்கச் சம்மதித்தார், வாரத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆனால் நாள் முழுக்க முடியாது, நாலு மணி நேரம்தான். எந்த நாலு மணி நேரம் கேட்பது என்று சொல்லுங்கள்.

நானே இப்படிக் கணக்குப் போட்டேன். பிள்ளை 9-இலிருந்து 10.30 வரை தூங்குவாள், மறுபடி 1.30-இலிருந்து 3 வரை. அம்மா 2.45-க்கு வந்துவிடுவார். அப்படியானால் நான் 1.30-க்கு அவளோடு படுத்தால், அவள் எழும்போது அம்மா இருப்பார், நான் 5.45 வரை தொடர்ந்து தூங்கலாம். நாலேகால் மணி நேரம், ஒரே தூக்கம். காலையில் அவளோடு ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஐந்தே முக்கால். இதற்கு யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. இடையில் 10.30-இலிருந்து 1.30 வரைதான் ஆள் வேண்டும்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 07.07.2024, காலை 9.30

கணக்கு அழகாகப் போட்டிருக்கிறாய். ஆனால் நான் 8.30-இலிருந்து 12.30 வரை ஆள் வைக்கச் சொல்வேன். முதலில், நீ வரும்வரை ஆள் வேண்டும், அது முடிந்துவிடுகிறது. அடுத்து, இரவெல்லாம் விழித்த உடம்பு காலை 9 மணிக்குத்தான் அடித்துப் போட்டது போல் தூங்கும். அதை ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பிவிட்டால் மறுபடி நல்ல தூக்கம் பிடிப்பது கஷ்டம். 9-இலிருந்து 12.30 வரை இடைவிடாமல் தூங்கு. எழுந்து குளித்துச் சாப்பிடு. பிறகு அவளோடு 1.30-க்குச் சும்மா சாய்ந்திரு, அம்மா வந்ததும் 3.30-இலிருந்து 5.30 வரை இன்னொன்று.

அப்புறம் ஒரு விஷயம். அந்த அக்கா இல்லாமல் நீ தனியாக அவளோடு விழித்திருக்கும் நேரத்தில் குளியலறைக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போடு. நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைத்த வாளியும் டிரம்மும்தான் இருக்கும். தவழும் பிள்ளை வாளியைப் பிடித்து எழுந்து தலைகுப்புற விழுந்தால் நாலு விரல்கடைத் தண்ணீர் போதும், சத்தமே வராது.

இரவு வண்டி (உசிலம்பட்டி) | 07.07.2024, மதியம் 1.15

மேலூர் அம்மாவிடம் மரியாதையோடு மாற்றுக் கருத்து. வண்டி எடுப்பதற்கு முன்னால் தூங்கிய தூக்கம்தான் ராத்திரி 3 மணிக்குக் கைகொடுக்கும். காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு மதியத்திலிருந்து விழித்திருந்தால் நள்ளிரவு தாண்டியதும் தள்ளும். எங்களில் பலரும் நீளத் தூக்கத்தை மதியம்தான் வைப்போம். சகோதரியின் கணக்குதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வில்லாபுரம் அக்கா | 07.07.2024, இரவு 10.00

மதியம் 1.30-க்கு ஆனையூரில் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்குக் கீழே எப்படித் தூங்குவது? அதை யாரும் யோசிக்கவில்லையே.

ஆனையூர்க்காரி | 08.07.2024, காலை 11.50

எங்களுடையது முதல் மாடி, கான்கிரீட்தான். ஆனால் மேலே வெயில் நேராக விழும். மதியம் 2 மணிக்குச் சுவரைத் தொட்டால் சுடும். வில்லாபுரம் அக்கா கேட்டது சரியான கேள்வி.

பூமார்க்கெட் அண்ணன் | 08.07.2024, மதியம் 12.30

மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடி, தங்கச்சி. எங்கள் வீட்டில் அடித்தபிறகு நல்ல வித்தியாசம். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அடி. சுண்ணாம்பும் பசையும் நான் வாங்கித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை கடை சீக்கிரம் முடிந்துவிடும்.

நீ முதலில் என்ன கேட்டாய் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. என் பிள்ளைகளை என் நேரத்துக்கு இழுத்துக்கொண்டேன். எனக்குத் தினமும் அதே 2 மணி, அதனால் நடந்தது.

ஆனையூர்க்காரி | 21.07.2024, மாலை 4.00

மதிய டூட்டி வாரமும் நைட் வாரமும் முடிந்தன. நடந்ததை எழுதுகிறேன்.

மதிய டூட்டி வாரத்தில் அம்மா 8.15-க்கே படுக்க வைத்தார். முதல் இரண்டு நாள் என் வண்டிச் சத்தத்துக்கு எழுந்துவிட்டாள். அதன்பின் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தேன். 10 மணிப் பால் நன்றாகப் போனது. இருட்டில் என் விரலைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். காலையில் 6.15 என்பது 6.40 வரை வந்திருக்கிறது, இன்னும் முழுதாக வரவில்லை.

அதன் பலன் நைட் வாரத்தில் தெரிந்தது. நான் 8.40-க்கு வரும்போது அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். 9.15-க்கு இரண்டு பேரும் படுத்துவிட்டோம். கீழ் வீட்டு அக்கா முன் அறையில் இருப்பார். 10.45-க்கு அவள் எழுந்ததும் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவார். ஜன்னலுக்கு வில்லாபுரம் அக்கா சொன்னபடி கம்பளி. நான் 12.30 வரை தூங்கினேன். மதியத் தூக்கம் சரியாக வரவில்லை, வெப்பம்தான் காரணம். ஒரு மணி நேரம் புரண்டுவிட்டு எழுந்துவிடுவேன். டூட்டியில் 4 மணிக்குத் தள்ளியது உண்மை. டிரைவர் அண்ணா சொன்னதும் தப்பில்லை போல.

ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9-இலிருந்து 5 வரை மின்தடை. அன்று கீழ் வீட்டிலேயே தரையில் படுத்தேன். இனிமேல் பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. பக்கத்து அம்மன் கோவில் ஸ்பீக்கர் காலையில் 5 மணிக்குத் தொடங்கிவிடுகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

பால் பற்றியும் ஒரு கேள்வி. வார்டில் 11 மணிக்கும் 3 மணிக்கும் எடுத்து அங்குள்ள ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். ஐஸ் பேக்கோடு கொண்டுவந்து, இரவில் அம்மா கொடுக்கிறார். ராத்திரி எடுத்த பாலைப் பகலில் கொடுத்தால் பிள்ளை பகலில் தூங்குவாள் என்று கூட வேலை செய்யும் பெண் சொல்கிறாள். உண்மையா?

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 22.07.2024, காலை 10.45

இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்துக்கான மெலடோனின் இருக்கும், பகல் பாலில் மிகக் குறைவு. அது உண்மை. அதனால் பாட்டிலில் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டு. இரவுப் பாலை இரவுக்கும் பகல் பாலைப் பகலுக்கும் கொடுப்பது நியாயம். ஆனால் இரவுப் பாலைக் கொடுத்தால் பகலில் பிள்ளையைத் தூங்க வைத்துவிடலாம் என்று எண்ணாதே. அவ்வளவு வேலை செய்யாது. பால் இருக்கிறபோது நேரம் மாறிவிட்டதே என்று கொட்டவும் வேண்டாம்.

வெளியில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. மதுரையில் அதை நம்பாதே. எடுத்த உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம், கதவில் அல்ல. அங்கே நாலு நாள் வரை இருக்கும். அம்மா சூடாக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் போதும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

காதில் பஞ்சு: வேறு பெரியவர் ஒருவர் விழித்திருந்து குழந்தையைப் பார்க்கும்போது வைத்துக்கொள். நீ தனியாக இருக்கும்போது கூடாது.

ராத்திரி அவளைத் தூளியிலா போடுகிறார் அம்மா?

ஆனையூர்க்காரி | 22.07.2024, இரவு 9.20

ஆமாம். தூளியில் ஆட்டினால்தான் அம்மாவிடம் தூங்குகிறாள்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 23.07.2024, காலை 10.00

ஆட்டித் தூங்க வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தூங்கியதும் எடுத்துப் பாயில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல். எட்டு மாதத்தில் அவளே எழுந்து உட்கார்ந்துவிடுவாள், துணிக்குள் இருந்து குப்புறச் சரிவாள். உங்கள் அம்மாவும் நாள் முழுக்க வேலை பார்த்தவர், அவரும் அசந்து தூங்குவார். படுக்க வைத்தபிறகு அவளாகப் புரண்டால் விட்டுவிடுங்கள்.

வில்லாபுரம் அக்கா | 24.07.2024, இரவு 9.40

எனக்கு ஒரு யோசனை. நிரந்தர நைட் கேட்டு வாங்கிவிடேன். மாறி மாறி வருவதால்தான் இத்தனை தொல்லை. ஒரே நேரமானால் எல்லோருக்கும் பழகும், நைட் அலவன்ஸும் கிடைக்கும்.

இரவு வண்டி (உசிலம்பட்டி) | 25.07.2024, காலை 8.50

நான் நிரந்தர நைட் மாதிரிதான். ஆஃப் நாளில் வீட்டோடு பகலில் விழித்திருக்கிறோம், மறுபடி நைட்டுக்குப் போகிறோம். அதனால் உடம்பு ஒருநாளும் முழுதாக இரவுக்கு மாறுவதில்லை. குழந்தை இருக்கிறவர்கள் ஆஃப் நாளிலும் பகலில் தூங்க முடியாது. எனக்குத் தெரிந்து பழகியவர் யாருமில்லை, சமாளிக்கிறவர்கள்தான் உண்டு.

வில்லாபுரம் அக்கா | 25.07.2024, இரவு 10.10

நான் பழகினேன். உங்கள் வேலை வேறு, பத்து ஊர் தாண்டும் வேலை. ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பழகும் என்பதுதான் என் அனுபவம்.

மேலூர் வி.எச்.என். (ஓய்வு) | 26.07.2024, காலை 11.10

இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு வகை ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்பதாக இருந்தால், தாயி, வேறொன்றைக் கேட்டுப் பார். ஆறு நைட்டைத் தொடர்ந்து போடாமல் மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் ஆஃப். தூக்கக் கடன் மூன்று நாளோடு நின்றுவிடும். காலை, மதியம், நைட் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது. நைட்டிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னால் போவது உடம்புக்கு இன்னும் கஷ்டம்.

பால் எடுக்கும் இடைவேளையையும் வாயால் கேட்காதே, எழுதிக் கேள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் இரண்டு இடைவேளை சட்டப்படியே உண்டு.

ஆனையூர்க்காரி | 29.07.2024, மாலை 5.45

இடைவேளைக்கு எழுதிக் கொடுத்தேன், சம்மதித்துவிட்டார்கள். மூன்று மூன்று நைட்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் சரி என்கிறார், ஆனால் கூட இருக்கும் இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் ஊர் சிவகங்கைப் பக்கம். அவருக்கு ஆறு நைட் சேர்ந்து வந்தால்தான் ஊருக்குப் போய்வர முடியும். அவரை நான் வற்புறுத்த மாட்டேன்.

நிரந்தர நைட் கேட்கப் போவதில்லை. வில்லாபுரம் அக்காவுக்குப் பழகியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. என் அம்மாவால் வருஷம் முழுக்க இரவு விழிக்க முடியாது.

பூமார்க்கெட் அண்ணன் நேற்று வந்து மொட்டை மாடியில் இரண்டு கை சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. அடுத்த நைட் வாரத்தில் டிரைவர் அண்ணா சொன்ன கணக்கை, அதாவது மதியம் நீளத் தூக்கம், முயன்று பார்க்கிறேன். மகள் இன்று 6.20-க்கு எழுந்தாள்.

ஒரே ஒரு சிக்கல்: கீழ் வீட்டு அக்கா ஆவணியில் மகள் பிரசவத்துக்குத் தேனி போகிறார், திரும்ப இரண்டு மாதம் ஆகலாம். ஆனையூர், கூடல்நகர் பக்கம் காலை 8.30-க்கு வந்து நாலு மணி நேரம் இருக்கக்கூடிய நம்பிக்கையான ஆள் யாருக்காவது தெரிந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். நைட் வாரத்துக்கு மட்டும் போதும்.